இரு எல்லைகளும் நகரும்போது

y = 1/t என்ற வளைவரையைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். t கூடக் கூட அது தாழ்ந்துகொண்டே போகும். ஆனால் கிடை அச்சைத் தொடவே தொடாது. அதிபரவளையம் என்று பள்ளியில் படித்த வளைவரைதான் இது. இந்த வளைவரைக்கும் கிடை அச்சுக்கும் இடையில், t = 1 முதல் t = 2 வரை அடங்கும் பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.693 வருகிறது. 10 முதல் 20 வரை கணக்கிட்டாலும் அதே 0.693. 1000 முதல் 2000 வரை போனாலும் அதே எண்தான்.

முதல் பரப்பு குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கிறது. கடைசிப் பரப்பு ஆயிரம் அலகு நீளத்துக்கு நீண்டுகிடக்கும் மெல்லிய கீற்று. இரண்டும் எப்படி மிகச் சரியாகச் சமமாகின்றன? ப்ரூஜ் நகரில் பிறந்த கிரெகுவார் து சான்-வான்சான் என்ற ஏசு சபைத் துறவி 1647இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்ட பெரிய வடிவியல் நூலில் இந்தப் பண்பின் அடிப்படை இருக்கிறது. 1649இல் அதே சபையைச் சேர்ந்த டி சராசா, இந்தப் பரப்புகள் மடக்கைகளைப் போல நடந்துகொள்வதைச் சுட்டிக்காட்டினார். நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை உருவாக்குவதற்கு முந்தைய காலம் அது. வடிவியலை மட்டும் துணையாகக் கொண்டு அவர்கள் நெடுந்தூரம் நடந்து அடைந்த இடத்துக்கு, இன்று பிளஸ் டூ மாணவர் ஒருவர் ஒரே வரியில் போய்விடலாம். அந்த ஒரு வரி எப்படிப் பிறக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எழுத்து முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொகையிடல் குறியின் கீழும் மேலும் எழுதும் எல்லைகளை இங்கே பகர அடைப்புக்குள் தருகிறேன்: முதலில் கீழெல்லை, அடுத்து மேலெல்லை. ஆகவே மேலே சொன்ன பரப்பு

G(x) = ∫[x, 2x] (1/t) dt

என்று ஆகும். x = 1 என்றால் 1 முதல் 2 வரை; x = 10 என்றால் 10 முதல் 20 வரை. x மாறினால் இரண்டு எல்லைகளும் நகர்கின்றன. G மாறுகிறதா, இல்லையா? இதைத் தெரிந்துகொள்ள G-யின் வகைக்கெழு வேண்டும்.

ஒரே ஓரம் நகரும்போது

இரண்டையும் நகர்த்துவதற்கு முன் ஒன்றை மட்டும் நகர்த்திப் பார்ப்போம். கீழெல்லை 0-இல் அசையாமல் நிற்கட்டும். மேலெல்லை u. அதுவரை சேர்ந்த பரப்பு A(u) = ∫[0, u] f(t) dt. இப்போது வலது ஓரத்தை மிகச் சிறிதளவு, h தூரம், வலப்புறம் தள்ளுகிறோம். பழைய பரப்பில் எதுவும் மாறவில்லை. புதிதாகச் சேர்ந்தது ஒரு மெல்லிய பட்டை மட்டும். அதன் அகலம் h. உயரம் ஏறத்தாழ f(u). ஆகவே கூடிய பரப்பு f(u) × h. அதை h-ஆல் வகுத்தால் f(u) கிடைக்கிறது. h சுருங்கச் சுருங்க, 'ஏறத்தாழ' என்ற சொல் தேவைப்படாமல் போகிறது:

A′(u) = f(u)

நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று சொல்வது இதைத்தான். பரப்பு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று கேட்டால், நகரும் ஓரத்தில் வளைவரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே பதில். நடுவில் வளைவரை எப்படி ஏறி இறங்கியது என்பது இந்தக் கேள்விக்குத் தேவையே இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்த இடத்தில் f தொடர்ச்சியாக இருக்க வேண்டும். வளைவரை அங்கே திடீரென்று ஒரு உயரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், 'ஓரத்தின் உயரம்' என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. உதாரணமாக, t = 1 வரை f 0 ஆகவும் அதற்குப் பின் 1 ஆகவும் இருந்தால், A(u) அந்த இடத்தில் ஒடிந்து கூர்முனையாக நிற்கும். அங்கே A-க்கு வகைக்கெழு இல்லை.

ஓரத்தின் வேகம்

அடுத்த படி: மேலெல்லை x ஆக இல்லாமல் x² ஆக இருந்தால்? எளிதாகச் சரிபார்க்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ∫[0, x²] t dt.

x = 3 என்றால் வலது ஓரம் 9-இல் நிற்கிறது. x-ஐ 3.01 ஆக்குங்கள். ஓரம் 3.01-இன் வர்க்கமான 9.0601-க்கு நகர்கிறது. x நகர்ந்தது 0.01 மட்டுமே, ஓரம் நகர்ந்ததோ 0.0601. அதாவது x-ஐப் போல ஏறத்தாழ 6 மடங்கு வேகம். இந்த 6 தற்செயலானது அல்ல. x²-இன் வகைக்கெழு 2x; x = 3-இல் அது 6.

புதிதாகச் சேர்ந்த பட்டையின் உயரம் 9, அகலம் 0.06. பரப்பு 0.54. x நகர்ந்த 0.01-ஆல் வகுத்தால் 54. நேரடியாகத் தொகையிட்டுப் பார்த்தால் பரப்பு x⁴/2; அதன் வகைக்கெழு 2x³; x = 3-இல் 54. இரண்டும் ஒத்துப்போகின்றன.

சங்கிலி விதியின் வேலை இங்கே இதுதான். மொத்தப் பரப்பு ஓரத்தைச் சார்ந்தது. ஓரம் x-ஐச் சார்ந்தது. ஆகவே x மாறும்போது பரப்பு மாறும் வேகம் என்பது ஓரத்தின் உயரமும் ஓரத்தின் வேகமும் பெருகிய தொகை. எல்லை x² என்றால், உயரத்தைக் கண்டுபிடிக்க f-இல் t-க்குப் பதில் x² இட வேண்டும். பிறகு 2x-ஆல் பெருக்க வேண்டும்.

கீழெல்லையும் நகர்ந்தால் அதே சிந்தனைதான், குறி மட்டும் மாறும். இடது ஓரம் வலப்புறம் நகரும்போது பட்டை சேர்வதில்லை, கழிகிறது. ஆகவே கீழெல்லை a(x), மேலெல்லை b(x) என்றால் முழு விதி இது:

G′(x) = f(b(x)) · b′(x) − f(a(x)) · a′(x)

இதை மனப்பாடம் செய்வதைவிட, வலது ஓரத்தில் எவ்வளவு வருகிறது, இடது ஓரத்தில் எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பழகினால் குறியும் மறக்காது, வேகமும் விட்டுப்போகாது.

வருவதும் போவதும்

இரண்டு ஓரங்களும் ஒரே வேகத்தில் நகரும் கணக்கு ஒன்று நமக்கு நன்றாகவே பழக்கம். மழைக்காலத்தில் 'கடந்த 24 மணி நேரத்தில் பெய்த மழை' என்று செய்தியில் சொல்கிறார்கள். x மணி நேரத்தில் மழையின் வேகம் r(x) என்றால், அந்த 24 மணி நேர மழை ∫[x − 24, x] r(t) dt. இரண்டு எல்லைகளின் வகைக்கெழுவும் 1. ஆகவே இந்த மழையளவு மாறும் வேகம் r(x) − r(x − 24).

இப்போது மணிக்கு 4 மில்லிமீட்டர் பெய்கிறது, நேற்று இதே நேரத்தில் மணிக்கு 15 மில்லிமீட்டர் கொட்டியது என்று வைத்துக்கொள்வோம். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்போதே, '24 மணி நேர மழை' மணிக்கு 11 மில்லிமீட்டர் வீதம் குறைந்துகொண்டிருக்கும். நேற்றைய கனமழை கணக்கிலிருந்து வெளியேறுகிறது, அவ்வளவுதான். அந்த எண் உச்சத்தைத் தொடுவது மழை மிக வலுத்துப் பெய்யும் கணத்தில் அல்ல என்பதும் இதே வரியிலிருந்து தெரிகிறது. வேகம் தடையின்றி மாறும் மழையில், இன்றைய வேகமும் நேற்று இதே நேரத்தின் வேகமும் சமமாகி, அதன்பின் இன்றையது கீழே இறங்கும்போதுதான் உச்சம் வரும்.

அதிபரவளையத்தின் புதிர் இப்போது தானாகவே அவிழ்கிறது. அங்கே f(t) = 1/t. மேலெல்லை 2x, அங்கே உயரம் 1/(2x), வேகம் 2. கீழெல்லை x, உயரம் 1/x, வேகம் 1. ஆகவே

G′(x) = 2 · 1/(2x) − 1 · 1/x = 1/x − 1/x = 0

வகைக்கெழு எங்கும் 0 என்றால் G மாறவே இல்லை. x எந்த மிகை எண்ணாக இருந்தாலும் ஒரே பரப்பு. காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது. x = 10-இலிருந்து 10.1-க்கு நகரும்போது, இடது ஓரத்தில் 0.1 அகலமும் ஏறத்தாழ 0.1 உயரமும் உள்ள பட்டை போகிறது: 0.01. வலது ஓரம் 20-இலிருந்து 20.2-க்குப் போகிறது, வருவது 0.2 அகலம், 0.05 உயரம்: அதுவும் 0.01. வலது ஓரத்தின் உயரம் இடதின் பாதி. வேகம் இரு மடங்கு. ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டுகிறது.

இதே இடத்தில்தான் மிகப் பொதுவான பிழையும் பிடிபடுகிறது. எல்லைகளை f-இல் இட்டுக் கழித்ததோடு நிறுத்திக்கொண்டால் 1/(2x) − 1/x = −1/(2x) வரும். அப்படியானால் பரப்பு குறைந்துகொண்டே போக வேண்டும். ஆனால் 1 முதல் 2 வரையிலும் 10 முதல் 20 வரையிலும் ஒரே 0.693 என்று நாம் பார்த்தோம். விட்டுப்போனது அந்த 2, அதாவது வலது ஓரத்தின் வேகம்.

டி சராசா கண்ட மடக்கைப் பண்பும் இதிலேயே இருக்கிறது. 2x-க்குப் பதில் kx என்று போட்டாலும், k எந்த மிகை மாறிலியாக இருந்தாலும், k · 1/(kx) − 1/x = 0 தான். அதாவது பரப்பு, எல்லைகள் இரண்டின் விகிதத்தை மட்டுமே சார்ந்தது. 1 முதல் 6 வரையுள்ள பரப்பை 1 முதல் 2 வரை, 2 முதல் 6 வரை என்று பிரியுங்கள். இரண்டாவதன் விகிதம் 3. ஆகவே அது 1 முதல் 3 வரையுள்ள பரப்புக்குச் சமம். 2-இன் பரப்போடு 3-இன் பரப்பைக் கூட்டினால் 6-இன் பரப்பு வந்துவிட்டது. பெருக்கலைக் கூட்டலாக்கும் இந்தப் பண்புதான் மடக்கை.

தொகையிடவே முடியாதபோது

அதிபரவளையத்தின் பரப்பை மடக்கை வழியாகவும் கண்டுபிடித்துவிடலாம். விதியின் உண்மையான பலம், தொகையிடல் கைகொடுக்காத இடத்தில் தெரிகிறது. இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

F(x) = ∫[x, x²] e^(−t²) dt

e^(−t²) என்பது புள்ளியியலில் வரும் மணி வடிவ வளைவரைக்கு அடிப்படையான சார்பு. அதைத் தொகையிட்டால் வருவதை அடுக்கு, மடக்கை, சைன், கொசைன் போன்ற பழகிய சார்புகளைக் கொண்டு முடிவுள்ள ஒரு வாய்பாடாக எழுத முடியாது. இது நமது திறமைக் குறைவு அல்ல. அப்படியொரு வாய்பாடு இல்லை என்றே நிறுவியிருக்கிறார்கள். இத்தகைய நிறுவல்களுக்கு வழி திறந்தவர் 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் லியூவில்.

ஆனாலும் F-இன் வகைக்கெழுவை எழுத அரை நிமிடம் போதும். வலது ஓரம் x². அங்கே உயரம் e^(−x⁴), வேகம் 2x. இடது ஓரம் x; உயரம் e^(−x²), வேகம் 1.

F′(x) = 2x · e^(−x⁴) − e^(−x²)

x²-ஐ t-க்குப் பதில் இடும்போது அடுக்கில் (x²)², அதாவது x⁴ வருகிறது. அவசரத்தில் x² என்றே விட்டுவிடுபவர்கள் நிறைய. இன்னொரு பழக்கப் பிழை, e^(−t²)-ஐயே வகையிட்டு −2t · e^(−t²) என்று உள்ளே கொண்டுவருவது. f-ஐ வகையிட வேண்டிய தேவையே இங்கு இல்லை. வகையிட வேண்டியவை எல்லைகள் மட்டும்.

விடை சரியா என்று எப்படித் தெரியும்? x = 1-இல் சோதிப்போம். விதி தரும் மதிப்பு 2/e − 1/e = 1/e, அதாவது 0.3679. இப்போது விதியை மறந்துவிட்டு, பரப்பைக் கையால் அளப்போம். x = 1.01 என்றால் எல்லைகள் 1.01-உம் 1.0201-உம். அகலம் 0.0101. நடுப்புள்ளி 1.01505-இல் வளைவரையின் உயரம் 0.3569. பரப்பு ஏறத்தாழ 0.003605. x = 0.99 என்றால் எல்லைகள் 0.99-உம் 0.9801-உம். இங்கே மேலெல்லை கீழெல்லையைவிடச் சிறியது. ஆகவே பரப்பு குறை எண்ணாகும். அகலம் 0.0099, உயரம் 0.3790, மதிப்பு −0.003752. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.007357. x நகர்ந்த 0.02-ஆல் வகுத்தால் 0.3678. விதி சொன்னதற்கும் இதற்கும் நான்காம் தசம இடத்தில்தான் வேறுபாடு.

எல்லைகள் இடம் மாறி நின்றபோதும் விதி அப்படியே செல்லுபடியானதைக் கவனியுங்கள். கீழெல்லை பெரியதாக இருந்தால் தொகையிடல் குறை மதிப்பைத் தருகிறது. விதியில் தனியாக எதையும் திருத்த வேண்டியதில்லை.

விதி நின்றுபோகும் இடங்கள்

வாய்பாடு எளிதாக இருப்பதால், எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதைப் பார்க்காமலே எழுதிவிடும் ஆபத்து உண்டு. ∫[−x, x] (1/t²) dt என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், மேலெல்லை 1/x² தருகிறது. கீழெல்லையின் வகைக்கெழு −1 என்பதால் அதுவும் 1/x² கூட்டுகிறது. விடை 2/x². பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் −x-க்கும் x-க்கும் நடுவில் t = 0 இருக்கிறது; அங்கே 1/t² எல்லையின்றி உயர்கிறது. அந்தப் பரப்பே முடிவுள்ள எண் அல்ல. இல்லாத ஒரு பரப்புக்கு மாறும் வேகம் எங்கிருந்து வரும்? ஓரங்களை மட்டும் பார்க்கும் விதி, நடுவில் இருக்கும் பள்ளத்தைச் சொல்லாது. இரண்டு எல்லைகளுக்கும் இடையே f ஒழுங்காக இருக்கிறதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் நுட்பமான கண்ணி, x எல்லைகளில் மட்டுமல்லாமல் தொகையிடும் சார்புக்குள்ளும் நுழைந்துவிடுவது. H(x) = ∫[0, x] (x − t) dt. படமாகப் பார்த்தால் இது இரு பக்கங்களும் x நீளமுள்ள ஒரு செங்கோண முக்கோணம், பரப்பு x²/2, வகைக்கெழு x. நமது விதியை அப்படியே போட்டால், t-க்குப் பதில் x இட்டு x − x = 0 என்று வருகிறது. முற்றிலும் தவறு.

என்ன நடந்தது? x கூடும்போது வலது ஓரம் நகர்கிறது. ஆனால் அங்கே முக்கோணத்தின் உயரம் 0, ஆகவே ஓரத்தில் எதுவும் சேரவில்லை. இது உண்மைதான். ஆனால் அதே நேரத்தில் முக்கோணத்தின் மேல்விளிம்பு முழுவதும் உயர்கிறது. x ஒரு அலகு கூடினால் x − t எல்லா இடத்திலும் ஒரு அலகு கூடுகிறது. 0 முதல் x வரை உள்ள அகலம் முழுவதும் இந்த உயர்வு இருப்பதால், பரப்பு x என்ற வேகத்தில் கூடுகிறது. லைப்னிட்ஸின் பெயரால் அழைக்கப்படும் முழு விதியில், இரு ஓரங்களின் உறுப்புகளோடு மூன்றாவதாக ஒன்று இருப்பது இதற்காகத்தான். f-ஐ, t-ஐ மாறிலியாக வைத்துக்கொண்டு x-ஐப் பொறுத்து வகையிட்டு, அதே எல்லைகளுக்குள் தொகையிட வேண்டும்.

பள்ளிக் கணக்குகளில் பெரும்பாலும் இந்த மூன்றாவது உறுப்பு தேவைப்படாமலே சமாளித்துவிடலாம். x − t-ஐப் பிரித்து x · ∫[0, x] dt − ∫[0, x] t dt என்று எழுதுங்கள். t-ஐப் பொறுத்துத் தொகையிடும்போது x மாறிலிதான். அதனால் அது வெளியே வரலாம். முதல் பகுதிக்குப் பெருக்கல் விதி: ∫[0, x] dt + x · 1, அதாவது x + x. இரண்டாவது பகுதிக்கு நமது விதி: x. கழித்தால் x. முக்கோணம் சொன்ன அதே விடை.

ஆகவே இத்தகைய கணக்கு ஒன்று முன்னால் வந்தால், எழுதத் தொடங்குமுன் தொகையிடும் சார்புக்குள் x ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வெளியே எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் மூன்றாவது உறுப்பைச் சேருங்கள். அடுத்து, இரண்டு எல்லைகளுக்கும் இடையே சார்பு எங்காவது உடைகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், மிஞ்சுவது இரு ஓரங்களின் உயரமும் வேகமும் மட்டுமே. எழுதி முடித்தபின், x-க்கு எளிய மதிப்பு ஒன்றைக் கொடுத்து, அதன் இருபுறமும் பரப்பைத் தோராயமாக அளந்து வகுத்துப் பாருங்கள். விட்டுப்போன ஒரு 2x-ஓ தவறான ஒரு குறியோ அந்தச் சோதனையில் நிச்சயம் அகப்படும்.